திகட்டாத இனிப்பு: மோசல் ரீஸ்லிங்கில் சர்க்கரையும் புளிப்பும்

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் பெர்ன்காஸ்டல், வேலன், யூர்ட்சிக், பீஸ்போர்ட் என்று வரிசையாகச் சின்னச் சின்ன ஊர்கள். எந்த ஊரில் ஒயின் செய்பவர் வீட்டுக்குப் போனாலும் ரீஸ்லிங் திராட்சையில் செய்த இரண்டு புட்டிகளையாவது மேசையில் வைப்பார். திராட்சை ஒன்று, சரிவு ஒன்று, அறுவடை செய்த வாரமும் ஒன்று. முதல் புட்டியின் லேபிளில் ஆல்கஹால் 12 சதவீதம் என்றிருக்கும். அதைக் குடித்தால் இனிப்பே தெரியாது, எலுமிச்சைத் தோலின் கூர்மைதான் முன்னால் நிற்கும். அடுத்த புட்டியில் 8 சதவீதம். அதன் ஒவ்வொரு லிட்டரிலும் 50 கிராமுக்குப் பக்கமாகச் சர்க்கரை கரைந்திருக்கும். ஆனால் அதைக் குடித்தவருக்குச் சர்க்கரைப்பாகு குடித்த உணர்வு வராது. முதல் வாய் இனிக்கும், உடனே வாய் ஊறும், விழுங்கியதும் நாக்கு சுத்தமாகிவிடும், அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகும்.

இரண்டாவது புட்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒயின் என்றாலே இனிப்பில்லாமல் இருந்தால்தான் தரம், இனித்தால் மட்டம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ரீஸ்லிங் விஷயத்தில் அது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஒயினில் எத்தனை கிராம் சர்க்கரை இருக்கிறது என்ற எண்ணை மட்டும் வைத்து அது திகட்டுமா திகட்டாதா என்று சொல்லவே முடியாது. பக்கத்தில் புளிப்பு எவ்வளவு என்ற எண்ணும் வேண்டும்.

குடிப்பழக்கம் இல்லாதவர்களும் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு டம்ளர்களில் 200 மில்லி தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் 16 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் நான்கு சிறுகரண்டி, கரைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். முதல் டம்ளர் மூன்றாவது வாயிலேயே திகட்டும், உதட்டில் பிசுபிசுக்கும். இரண்டாவதில் சர்க்கரை கிட்டத்தட்ட அதே அளவுதான், சாறு சேர்ந்ததால் கொஞ்சம் நீர்த்திருக்கும், அவ்வளவே. ஆனால் அது டம்ளர் காலியாகும் வரை சலிக்காது. இந்த இரண்டாவது டம்ளரில் இருக்கும் சர்க்கரை, புளிப்பு அளவுகள் இனிப்பான மோசல் ரீஸ்லிங் ஒன்றின் அளவுகளுக்கு மிக அருகில் வருபவை.

வாய்க்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இனிப்பையும் புளிப்பையும் நாக்கிலுள்ள வெவ்வேறு உணர்செல்கள் தனித்தனியே பிடிக்கின்றன. இரண்டு செய்தியும் சேர்ந்து மூளைக்குப் போகும்போது, ஒன்று மற்றதன் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டுகிறது. இனிப்பு குறைந்ததுபோல் தோன்றும், புளிப்பும் குறைந்ததுபோல் தோன்றும், இரண்டுமே உண்மையில் அப்படியே இருக்கும். இது முதல் வேலை. அடுத்த வேலை உமிழ்நீருடையது. அமிலம் பட்டதும் தாடையின் இரு பக்கமும் கூசி, வாய் நிறைய எச்சில் சுரக்கிறது. அந்த எச்சில் அமிலத்தைத் தணிப்பதோடு, நாக்கில் படிந்து நிற்கும் சர்க்கரையையும் கழுவிக்கொண்டு போகிறது. திகட்டல் என்பது பெரும்பாலும் விழுங்கிய பிறகும் போகாமல் தங்கும் இனிப்பு. அதைத் தங்கவிடாமல் செய்வதுதான் புளிப்பின் பெரிய உதவி. என் கணிப்பில் ‘கனமாக இல்லை’ என்று குடிப்பவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தக் கழுவல்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புளிப்பு சர்க்கரையை மறைக்கிறதே தவிர அழிப்பதில்லை. லிட்டருக்கு 50 கிராம் என்றால் 100 மில்லி கிளாசில் 5 கிராம் சர்க்கரை. நாக்குக்குக் குறைவாகத் தெரிந்தாலும் உடலுக்கு அது முழு 5 கிராம்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாக்கை நம்பி அளவு போடக் கூடாது.

இவ்வளவு புளிப்பு ரீஸ்லிங்குக்கு எங்கிருந்து வருகிறது? திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள் உண்டு: டார்டாரிக், மாலிக். பச்சைக் காயில் இரண்டும் ஏராளம். பழுக்கப் பழுக்க டார்டாரிக் அமிலம் ஓரளவு நிலைத்து நிற்கும். மாலிக் அமிலத்தைச் செடி தன் சுவாசத்துக்குச் செலவழிக்கும். வெயில் கூடினால் இந்தச் செலவும் கூடும், இரவு குளிர்ந்தால் குறையும். மோசல் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 50-ஆம் வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. இவ்வளவு வடக்கே சமதரையில் ரீஸ்லிங் ஒழுங்காகப் பழுப்பது கடினம். ஆகவே தெற்குப் பார்த்த செங்குத்துச் சரிவுகளில், கருநீலச் சிலேட்டுக் கற்களுக்கு நடுவே கொடிகளை நட்டார்கள். ப்ரெம் என்ற ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை நிமிர்ந்து நிற்கிறது. அங்கே மனிதர் நிற்பதே சிரமம். பகலில் சிலேட்டுக்கல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், ஆற்றுநீர் ஒளியைத் திருப்பி அனுப்பும், பழம் மெதுவாகப் பழுக்கும். இரவில் குளிர் இறங்கிவிடும். ரீஸ்லிங் இயல்பிலேயே தாமதமாகப் பழுக்கும் ரகம். அதனால் அக்டோபர் வரை, சில ஆண்டுகளில் நவம்பர் வரைகூட கொடியிலேயே கிடக்கும். சர்க்கரை ஏறும் அளவுக்கு வெப்பமும், புளிப்பு கரைந்துபோகாத அளவுக்குக் குளிரும் அதற்குக் கிடைத்துவிடுகிறது.

இனி ஒரு தோட்டத்தின் திராட்சையை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிழிந்த சாறு 85 எக்ஸ்லே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்லே என்பது 19-ஆம் நூற்றாண்டில் போர்ட்ஸ்ஹைம் நகரில் வாழ்ந்த ஃபெர்டினான்ட் எக்ஸ்லே என்ற கருவி செய்பவரின் பெயரால் வந்த அளவு. ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கூடுதலாக எடை நிற்கிறது என்பதுதான் அது. 85 எக்ஸ்லே சாற்றில் லிட்டருக்குச் சுமார் 190 கிராம் சர்க்கரை இருக்கும். புளிப்பு 9.5 கிராம் என்று கொள்வோம்.

இந்தச் சாற்றை இரண்டு பீப்பாய்களில் ஊற்றுகிறார்கள். மோசல் பக்கத்து மரபான பீப்பாய்க்கு ஃபூடர் என்று பெயர், கிட்டத்தட்ட 1,000 லிட்டர் பிடிக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கத் தொடங்குகிறது. சுமார் 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறும். முதல் பீப்பாயை அதன் போக்கில் விட்டுவிடுகிறார்கள். ஈஸ்ட் முடிந்தமட்டும் தின்று, 4 கிராம் போல மிச்சம் வைக்கிறது. ஆல்கஹால் 11 சதவீதம் வந்து நிற்கிறது. இது இனிப்பற்ற ரீஸ்லிங். ஜெர்மன் லேபிளில் இதற்கு ‘ட்ரோக்கன்’ என்று போடுவார்கள்.

இரண்டாவது பீப்பாயில், 50 கிராம் சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். 140 கிராம்தான் தீர்ந்திருக்கிறது, ஆகவே ஆல்கஹால் 8.2 சதவீதம். வெளியிலிருந்து ஒரு துளி சர்க்கரையும் சேர்க்கவில்லை. பழத்தின் சொந்தச் சர்க்கரையே முழுவதும் செலவாகாமல் நிற்கிறது.

எங்கே நிறுத்துவது என்பதுதான் ஒயின் செய்பவரின் உண்மையான சோதனை. அக்டோபர் கடைசியில் நிலவறைக்குள் நுழைந்தால், பீப்பாய் வாயில் பொருத்திய கண்ணாடிக் குழாய்கள் வழியே கரியமில வாயு கொப்புளம் கொப்புளமாய் வெளியேறும் சத்தம் நாலா பக்கமும் கேட்கும். அவர் பீப்பாயிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுக்கிறார். அது மோர்போல் கலங்கி, ஈஸ்ட் வாசனையோடு, நாக்கைச் சுருக்கென்று குத்தும் வாயுவோடு இருக்கும். அந்த வாயுவே புளிப்பைக் கூட்டிக் காட்டும், இனிப்பைக் குறைத்துக் காட்டும். தெளிந்த பிறகு வாயு பெரும்பாலும் போய்விடும், அப்போது அதே சர்க்கரை இன்னும் அதிகமாக இனிக்கும். இதை மனத்துக்குள் கழித்துக்கொண்டுதான் சுவைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கழிக்க வேண்டும். ஆல்கஹால் ஏற ஏற, ஒயின் குளிரக் குளிர, டார்டாரிக் அமிலத்தின் ஒரு பகுதி சாற்றிலுள்ள பொட்டாசியத்தோடு சேர்ந்து படிகமாகிப் பீப்பாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆரம்பத்தில் 9.5 கிராம் இருந்த புளிப்பு புட்டியில் அடைக்கும்போது 8.5 ஆகியிருக்கலாம். சில நேரம் இந்தப் படிகம் புட்டிக்குள்ளேயே உருவாகி, அடியில் கண்ணாடித்தூள்போல் மின்னும். பார்த்தவர்கள் பதறிப்போவார்கள். அது கெடுதலற்ற பொருள், ஒயினில் எந்தக் குறையும் இல்லை.

நிறுத்துவது குழாயைத் திருகுவதுபோல் உடனே நடந்துவிடாது. ஒயினைக் குளிர்வித்து, அடியில் தங்கிய ஈஸ்டிலிருந்து தெளிவைப் பிரித்து, கந்தக டைஆக்சைடு சேர்த்து, பிறகு வடிகட்ட வேண்டும். ஆயிரம் லிட்டர் குளிர்ந்து முடிவதற்குள் ஈஸ்ட் இன்னும் சில கிராம்களைத் தின்றுவிடும். 50-இல் நிற்க வேண்டுமென்றால் 50-க்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். தாமதித்தால் 40-இல் போய் நிற்கும். போன சர்க்கரை திரும்ப வராது. வேறு பீப்பாயின் இனிப்பான ஒயினைக் கலக்கலாம், அல்லது நொதிக்காமல் எடுத்து வைத்த அதே ரகத் திராட்சைச் சாற்றைச் சேர்க்கலாம். சட்டம் இதை அனுமதிக்கிறது, ஆனால் சுவையில் கொஞ்சம் வேறுபாடு வரும். ஈஸ்ட் குளுக்கோஸை முதலில் விரும்பித் தின்னும், ஃப்ரக்டோஸைப் பிறகுக்கு வைக்கும். ஆகவே பாதியில் நிறுத்திய ஒயினில் மிஞ்சுவது பெரும்பகுதி ஃப்ரக்டோஸ். நொதிக்காத சாற்றில் இரண்டும் ஏறக்குறையச் சமம். ஃப்ரக்டோஸின் இனிப்பு குளுக்கோஸைவிடக் கூர்மையானது, நாக்கில் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் அடங்குவது. நல்ல ஒயின் செய்பவர்கள் நிறுத்தும் வழியையே விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நுண்வடிகட்டிகள் பரவலாக வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் மோசல் நிலவறையின் பனிக்காலக் குளிரே நொதித்தலை நிறுத்தும். வசந்தம் வந்து வெப்பம் ஏறினால், மிச்சமிருந்த ஈஸ்ட் எழுந்து மறுபடி தின்ன ஆரம்பிக்கும். இப்போதும் வடிகட்டலில் ஈஸ்ட் தப்பினால் அதுவே புட்டிக்குள் நடக்கும். தக்கை மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்து, ஒயினும் கலங்கி நுரைத்தால் அதை வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவதே சரி.

சரி, இரண்டு பீப்பாயும் தயார். எது நன்றாக இருக்கும்? மோசலில் பல தலைமுறைகளாகச் சந்தித்த சிக்கல் முதல் பீப்பாயில்தான். 11 சதவீத ஆல்கஹால், 8.5 கிராம் புளிப்பு, சர்க்கரை இல்லவே இல்லை என்றால் அது பல் கூசும் ஒயின். ஒல்லியாக, கடுகடுவென்று இருக்கும். இரண்டாவது பீப்பாயில் அதே 8.5 கிராம் புளிப்பு 50 கிராம் இனிப்போடு மோதித் தணிந்துவிட்டது. பதிலுக்கு இனிப்பின் பிசுபிசுப்பும் அடங்கிவிட்டது. ஆல்கஹால் குறைவாக இருப்பது மூன்றாவது உதவி. ஆல்கஹாலுக்கே ஒரு மெல்லிய இனிப்பும் தொண்டைச் சூடும் உண்டு. 13 சதவீத ஆல்கஹாலோடு 50 கிராம் சர்க்கரையும் சேர்ந்திருந்தால் எவ்வளவு புளிப்பு இருந்தாலும் ஒயின் கனத்துப்போகும். மோசல் கபினெட் வகை ஒயின் இறகுபோல் மிதப்பதற்கு 8 சதவீதம் என்ற அந்தச் சின்ன எண்ணும் காரணம்.

இனிப்பற்ற ரீஸ்லிங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கு வேறு பழம் வேண்டும், அவ்வளவுதான். 95 எக்ஸ்லே வரை பழுத்த திராட்சையில் புளிப்பு 7 கிராம் அளவுக்கு இறங்கியிருக்கும். முழுவதும் நொதித்தால் 12.5 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். அந்தச் சதைப்பற்று புளிப்புக்கு எதிர்ப்பக்கம் நின்று தாங்கும். ரைன் கரையிலும், பிரான்சின் அல்சாஸிலும், ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கிலும் செய்யும் அருமையான இனிப்பற்ற ரீஸ்லிங்குகள் இந்த வழியில் நிற்பவை.

சர்க்கரைக்கும் புளிப்புக்கும் உள்ள இந்த உறவை ஐரோப்பியச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருந்தால் எந்த ஒயினும் ‘ட்ரோக்கன்’ என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் 9 கிராம் வரையும் போகலாம், புளிப்பு அந்தச் சர்க்கரையைவிட 2 கிராமுக்கு மேல் குறையாமல் இருந்தால். அதாவது 9 கிராம் சர்க்கரைக்குக் குறைந்தது 7 கிராம் புளிப்பு வேண்டும். புளிப்பு கூடினால் அதே சர்க்கரை இனிப்பாகத் தெரியாது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

பன்னாட்டு ரீஸ்லிங் அறக்கட்டளை இதை இன்னும் விரிவாக்கி ஓர் அளவுகோல் வகுத்தது. சில புட்டிகளின் பின்பக்கத்தில் இனிப்பற்றது முதல் இனிப்பு வரை ஒரு கோடும் அதன்மேல் ஒரு குறியும் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். கணக்கு எளிது. சர்க்கரையைப் புளிப்பால் வகுக்க வேண்டும். விடை ஒன்றுக்குக் கீழே என்றால் இனிப்பற்றது, ஒன்று முதல் இரண்டு வரை சற்றே இனிப்பு, நான்கு வரை நடுத்தர இனிப்பு, அதற்கு மேல் இனிப்பு. நம் இரண்டாவது பீப்பாயில் 50-ஐ 8.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஆறு. இனிப்பு வரிசையில் வருகிறது.

ஆனால் விகிதம் மட்டும் போதாது. ஓர் எதிர் உதாரணம் பார்ப்போம். கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் லீப்ஃப்ராவ்மில்ஹ் என்ற பெயரில் மலிவான இனிப்பு ஒயின் ஜெர்மனியிலிருந்து பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் கப்பலாகப் போனது. அதில் பெரும்பங்கு ரீஸ்லிங் கிடையாது. 1882-இல் ஹெர்மன் முல்லர் என்ற தாவரவியலாளர் உருவாக்கிய முல்லர்-துர்காவ் என்ற ரகம்தான் அதிகம். சீக்கிரம் பழுக்கும், நிறைய காய்க்கும், புளிப்பு குறைவு. அப்படி ஓர் ஒயினில் 33 கிராம் சர்க்கரையும் 5.5 கிராம் புளிப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விகிதம் ஆறு, நம் கபினெட்டுக்குச் சமம். சர்க்கரையோ அதைவிடக் குறைவு. ஆனாலும் குடித்தால் சப்பென்று இருக்கும், இரண்டாவது கிளாசுக்கு மனம் வராது. காரணம், எச்சிலைச் சுரக்கவைக்கும் உந்துதல் விகிதத்தில் இல்லை, வாயில் உண்மையாகப் படும் அமிலத்தின் அளவிலும் வலுவிலும் இருக்கிறது.

அந்த வலுவுக்குத்தான் பிஎச் என்ற இன்னொரு எண். எண் குறையக் குறைய அமிலம் வலுக்கும். ரீஸ்லிங்கில் அது பொதுவாக 3.1, 3.2 அருகில் இருக்கும் என்று கொண்டு அந்த அளவுகோலை அமைத்திருக்கிறார்கள். 3.3-க்கு மேல் போனால் ஒயினை ஒரு படி இனிப்புப் பக்கம் நகர்த்த வேண்டும், 2.9 வரை இறங்கினால் ஒரு படி எதிர்ப்பக்கம். மோசல் கபினெட்டுகள் பல 3.0-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்பவை. லீப்ஃப்ராவ்மில்ஹால் ஜெர்மன் இனிப்பு ஒயின் முழுவதற்கும் கெட்ட பெயர் வந்தது. சர்க்கரை கூடியதால் வந்த பெயர் அது என்று இன்றும் பேசுகிறார்கள். புளிப்பு குறைந்ததால் வந்தது என்பதே உண்மைக்கு நெருக்கம்.

அதே ரீஸ்லிங்கும் வானிலை மாறினால் தடுமாறும். 2003-இல் ஐரோப்பாவைச் சுட்டெரித்த கோடையில் திராட்சையின் மாலிக் அமிலம் கொடியிலேயே எரிந்துபோனது. வழக்கமாக ஜெர்மனியில் தடைசெய்யப்பட்டிருந்த அமிலம் சேர்க்கும் முறையை அந்த ஆண்டு விதிவிலக்காக அனுமதிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் இனிப்பு ஒயின்கள் பல தொடக்கத்தில் கவர்ச்சியாக இருந்து, பின்வாயில் தளர்ந்தன. 2010-இல் நேர்மாறு. குளிர்ந்த கோடை, குறைந்த விளைச்சல், சாற்றில் பல் கூசவைக்கும் புளிப்பு. இனிப்பற்ற ஒயின் செய்தவர்கள் சுண்ணாம்புச் சேர்மமான கால்சியம் கார்பனேட்டைப் போட்டுப் புளிப்பை இறக்க வேண்டியதாயிற்று. இனிப்பு ஒயின் செய்தவர்களுக்கோ அந்தப் புளிப்பு வரமாக வந்தது. சர்க்கரையும் ஏறி, புளிப்பும் இறங்காமல் நின்ற அந்த ஆண்டின் அவுஸ்லேசெ வகை ஒயின்கள் மின்சாரம் பாய்ந்ததுபோல் துடிப்பானவை.

கடையில் புட்டியைக் கையில் எடுக்கும் வாசகருக்கு இதெல்லாம் எப்படி உதவும்? லேபிளில் கபினெட், ஷ்பேட்லேசெ, அவுஸ்லேசெ என்று பார்த்ததும் இனிப்பின் படிநிலை என்று நினைத்துவிடுவார்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை அறுவடையின்போது சாற்றில் இருந்த சர்க்கரையின் படிநிலை. அதை முழுவதும் நொதிக்கவிட்டாரா, நடுவில் நிறுத்தினாரா என்பதை அந்தச் சொற்கள் சொல்லாது. ஷ்பேட்லேசெ ட்ரோக்கன் என்ற இனிப்பற்ற ஒயினும் உண்டு. ஃபைன்ஹெர்ப் என்றிருந்தால் இடைப்பட்ட இனிப்பு என்று பொருள் கொள்ளலாம், ஆனால் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை கிடையாது. நம்பத்தகுந்த வழி ஆல்கஹால் எண்ணைப் பார்ப்பதுதான். ஜெர்மன் ரீஸ்லிங்கில் 7.5 முதல் 9 வரை இருந்தால் சர்க்கரை நன்றாக மிஞ்சியிருக்கிறது. 11.5-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இனிப்பற்றது. இரண்டுக்கும் நடுவே இருந்தால் கடைக்காரரைக் கேட்க வேண்டியதுதான். பழம் மிக அதிகமாகப் பழுத்திருந்தால் 10 சதவீதத்திலும் நிறைய சர்க்கரை மிஞ்சும்.

கிளாசில் ஊற்றியபின் சோதனை இன்னும் எளிது. ஒரு வாய் விழுங்கிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருங்கள். தாடையின் ஓரங்களில் நீர் ஊறி, நாக்கின் மேற்பரப்பு வழுவழுப்பின்றிச் சுத்தமாக இருந்தால் புளிப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. நாக்கின் நடுவில் இனிப்பு மட்டும் குந்தியிருந்தால் செய்யவில்லை. ஆனால் அதற்கு முன் ஒயின் போதுமான குளிர்ச்சியோடு இருக்கிறதா என்று பாருங்கள். 8 முதல் 10 பாகை செல்சியஸ் சரியானது. அறைச் சூட்டில் குடித்தால் எந்த இனிப்பு ரீஸ்லிங்கும் தளர்ந்துதான் தெரியும். அதை வைத்து ஒயினைக் குறை சொல்வது நியாயமில்லை.

மிளகாய்க் காரத்தோடு சாப்பிடுபவர்களுக்கு இந்த 8 சதவீதப் புட்டி பொருந்துவதும் இதே கணக்கால்தான். ஆல்கஹால் கூடினால் மிளகாயின் எரிச்சல் கூடும், சர்க்கரை அந்த எரிச்சலைத் தணிக்கும், புளிப்பு எண்ணெய்ப் பசையை நாக்கிலிருந்து விலக்கும். தாய்லாந்து, வியட்நாம் உணவகங்களின் ஒயின் பட்டியலில் கபினெட் தவறாமல் இடம்பெறுவதைப் பார்க்கலாம்.

இன்னும் மேலே போனால், உறைந்த திராட்சையைப் பிழிந்து செய்யும் ஐஸ்வைனும், ஒருவகைப் பூஞ்சை பிடித்து வற்றிய திராட்சையில் செய்யும் ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேசெயும் இருக்கின்றன. அவற்றில் சர்க்கரை 200 கிராமையும் தாண்டும். தண்ணீர் குறைவதால் சர்க்கரையோடு சேர்ந்து அமிலமும் செறிவதுதான் அவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் விலையும் அருமையும் அதிகமான அந்த ஒயின்கள் சில மில்லி சுவைப்பதற்கானவை. நாலு பேர் உட்கார்ந்து ஒரு புட்டியைத் தீர்க்கக்கூடிய இனிப்பு ஒயின் கபினெட்தான். அதனால்தான் எனக்கு அதன்மேல் அதிக அக்கறை.

அந்த அக்கறைக்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பூமி சூடாவதால் மோசலில் திராட்சை முன்னைவிடச் சீக்கிரம் பழுக்கிறது, சர்க்கரை வேகமாக ஏறுகிறது, மாலிக் அமிலம் வேகமாகக் குறைகிறது. இனிப்பற்ற ஒயினுக்கு இது சாதகம். ஒரு காலத்தில் கடுகடுத்த முதல் பீப்பாய் இப்போது சதைப்பற்றோடு வருகிறது, ஜெர்மனியில் இனிப்பற்ற ரீஸ்லிங் பெருகியதில் வானிலைக்கும் பங்குண்டு. கபினெட்டுக்கு அது நெருக்கடி. 75, 80 எக்ஸ்லேயில் பறிக்க வேண்டிய பழம், வாசனை முதிர்வதற்குள் 90-ஐத் தொட்டுவிடுகிறது. ஆகவே கபினெட்டை விடாமல் செய்பவர்கள் அதற்கான திராட்சையைச் செப்டம்பரிலேயே பறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சார், ரூவர் போன்ற குளிர்ந்த துணையாற்றுப் பள்ளத்தாக்குகளிலும், ஒரு தலைமுறைக்கு முன் பழுக்காது என்று ஒதுக்கிய உயரமான, காற்று வீசும் துண்டு நிலங்களிலும் இப்போது கபினெட்டுக்கென்றே திராட்சை தேடுகிறார்கள்.